அறிவியல் குறுவிடைகளில் திறவுச்சொல் மதிப்பீடு: பத்தாம் வகுப்புத் தமிழ்வழி விடைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் குறுவிடைகளுக்கு மதிப்பெண் வழங்கும்போது, விடைக்குறிப்பிலுள்ள குறிப்பிட்ட சில சொற்கள் விடையில் இடம்பெற்றுள்ளனவா என்று பார்த்து மதிப்பிடும் வழக்கம் பரவலாக உள்ளது. இவ்வழக்கத்தால், கருத்துச் சரியாக இருந்தும் பேச்சு வழக்கில் எழுதப்பட்ட விடை குறைந்த மதிப்பெண் பெறுகிறது. கருத்துப் பிழையிருந்தும் கலைச்சொல் உள்ள விடை முழு மதிப்பெண் பெறுகிறது. நெகிழ்வான சொல்லாட்சி இருவகைப்படும் என்பதையும், அவற்றுள் ஒருவகையே மதிப்பெண் குறைப்புக்கு உரியது என்பதையும் மாதிரி விடைகளின் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: குறுவிடை, விடைக்குறிப்பு, கலைச்சொல், பேச்சு வழக்கு, நிலைமம், சவ்வூடு பரவல்

முன்னுரை

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் அறிவியல் வினாத்தாள் 75 மதிப்பெண்களுக்கு உரியது. அதில் ஏழு வினாக்கள் இரண்டு மதிப்பெண் வீதமும், ஏழு வினாக்கள் நான்கு மதிப்பெண் வீதமும் பெறுகின்றன. ஆக 42 மதிப்பெண்கள், அதாவது தாளின் பாதிக்கு மேற்பட்ட பகுதி, சில வரிகளில் எழுதப்படும் விடைகளைச் சார்ந்துள்ளது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் மாணவரின் மொழிநடை குறுக்கிடுவதில்லை. ஏழு மதிப்பெண் நெடுவிடையில் ஒரு சொல் விடுபட்டாலும் மற்ற வரிகள் ஈடுசெய்யும். இரண்டு மதிப்பெண் விடையில் அத்தகைய இடமில்லை. ஒரு சொல் இல்லையென்றால் விடையின் பாதி போய்விடும். எனவே சொல்லுக்கும் கருத்துக்கும் இடையிலான உரசலை மிகத் தெளிவாகக் காணத்தக்க இடம் குறுவிடையே.

திறவுச்சொல் என்னும் தொடரை இங்கு, ஆசிரியர்கள் பேச்சில் ‘கீ வேர்ட்’ என வழங்கும் பொருளிலேயே ஆள்கிறோம். (ஆய்விதழ்க் கட்டுரைகளும் தம் தலைப்பின்கீழ் இதே பெயரில் ஒரு பட்டியலை இட்டுத்தான் தொடங்குகின்றன. அப்பட்டியலைக் கொண்டு மட்டும் கட்டுரையின் தரத்தை எவரும் அளவிடுவதில்லை.) கீழே காட்டப்படும் விடைகள், தமிழ்வழி மாணவர்கள் எழுதும் பாங்கினையொட்டி இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்ட மாதிரிகள், தனி மாணவர் எவருடைய விடைத்தாளிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

பேருந்து வினாவும் மூன்று விடைகளும்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதல் அலகு இயக்க விதிகளைப் பற்றியது. நிலைமம் என்னும் கருத்து அங்கு ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம், திசையில் நிலைமம் என மூவகையாகப் பிரித்துக் கற்பிக்கப்படுகிறது. இப்பகுதியிலிருந்து, “ஓடும் பேருந்து திடீரென நிறுத்தப்படும்போது பயணிகள் முன்னோக்கிச் சாய்வது ஏன்?” என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு வினவப்படுவதாகக் கொள்வோம். விடைக்குறிப்பு பெரும்பாலும் இவ்வாறு அமையும்: ‘இயக்கத்தில் நிலைமம்’ என்பதற்கு ஒரு மதிப்பெண், விளக்கத்திற்கு ஒரு மதிப்பெண்.

முதல் மாணவர் எழுதுகிறார்: “இயக்கத்தில் நிலைமம் காரணமாகப் பயணிகள் முன்னோக்கிச் சாய்கின்றனர்.”

இரண்டாம் மாணவர் எழுதுகிறார்: “பஸ் ஓடும்போது நாமும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்போம். பிரேக் போட்டதும் கால் பஸ்ஸோடு சேர்ந்து நின்றுவிடும். மேல் உடம்பை நிறுத்த எதுவும் இல்லாததால் அது போன மாதிரியே போகப் பார்க்கும். அதனால் முன்னால் சாய்வோம்.”

மூன்றாம் மாணவர் எழுதுகிறார்: “பிரேக் போடும்போது இயக்கத்தில் நிலைமம் என்ற விசை உருவாகிப் பயணிகளை முன்னோக்கித் தள்ளுகிறது.”

முதல் விடையில் பெயர் இருக்கிறது, விளக்கம் இல்லை. வினாவின் சொற்களையே திருப்பிச் சொல்லி, நடுவில் ஒரு கலைச்சொல்லை வைத்திருக்கிறார். எனினும் ‘காரணமாக’ என்ற சொல் விளக்கத்தின் தோற்றத்தைத் தந்துவிடுவதால், இவ்விடை இரண்டு மதிப்பெண்ணும் பெற வாய்ப்புண்டு. குறைந்தது ஒன்றாவது உறுதி.

இரண்டாம் விடையில் இயற்பியல் முழுமையாக உள்ளது. பேருந்தும் பயணியும் ஒரே வேகத்தில் இயங்கினர் என்பதும், தடை இடும்போது தரையின் உராய்வு காலை மட்டுமே நிறுத்துகிறது என்பதும், மேலுடலின்மீது நேராக அத்தகைய விசை செயற்படாமையால் அது தன் இயக்க நிலையைத் தொடர முனைகிறது என்பதும் மூன்று படிகளாக வந்துள்ளன. ‘நிறுத்த எதுவும் இல்லாததால்’ என்ற தொடர், ‘புறவிசை செயல்படாத வரை’ என்று பாடநூல் நடையில் சொல்லப்படுவதன் வழக்குச்சொல் வடிவமே. ஆனால் ‘நிலைமம்’ இல்லை. ஒரு மதிப்பெண் போய்விடுகிறது. விரைந்து பார்க்கும் கண்ணுக்கு ‘புறவிசை’யும் தென்படாததால் இரண்டாவது மதிப்பெண்ணும் ஐயத்திற்குரியதாகிவிடும்.

மூன்றாம் விடை பிழையானது. நிலைமம் விசை அன்று. அது பொருளின் பண்பு. பயணியை முன்னோக்கித் தள்ளும் விசை எதுவும் தோன்றவில்லை. பின்னோக்கி இழுத்து நிறுத்தும் விசை மேலுடலுக்கு நேராகக் கிட்டவில்லை என்பதே உண்மை. பேருந்தோடு சேர்ந்து இயங்குபவரின் நோக்கில் ‘போலி விசை’ ஒன்றைக் கற்பித்துக்கொள்ளும் முறை உயர்வகுப்பில் உண்டு. ஆயினும் அங்கும் நிலைமம் விசையாகிவிடுவதில்லை. இயங்கும் பொருளை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற எண்ணம் இயற்பியல் கற்போரிடம் காணப்படும் மிகப் பழைய தவறான கருத்து. இவ்விடை அதை அப்படியே வெளிப்படுத்துகிறது. எனினும் இதில் ‘இயக்கத்தில் நிலைமம்’ உண்டு, ‘விசை’ உண்டு, காரண காரிய வடிவில் ஒரு முழு வாக்கியம் உண்டு. திறவுச்சொல் நோக்கில் மூன்றனுள் மிகச் செறிவான விடை இதுவே.

ஆக, நிலைமத்தைப் புரிந்துகொண்டவர் ஒரு மதிப்பெண்ணோ அதற்கும் குறைவோ பெற, அதைத் தவறாகப் புரிந்துகொண்டவர் இரண்டும் பெறுகிறார். சொல்லைத் தேடும் முறை முதன்மையாகச் சொல்லையே அளக்கும். கருத்து உடன் வந்தால் அது தற்செயல்.

இம்முறை ஏன் நிலைக்கிறது

இதனைத் திருத்துபவரின் சோம்பல் என்று கருதுவது பொருந்தாது. விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரே வினாவின் விடையைப் பல ஊர்களில் பல தேர்வாளர்கள் படிக்கிறார்கள். ஒரே விடை மதுரையில் இரண்டும் வேலூரில் ஒன்றும் பெற்றால் அது பெரிய அநீதி. சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் இருவர் முரண்படுவது அரிது. கருத்து இருக்கிறதா என்பதில் முரண்படுவது எளிது. எனவே திறவுச்சொல், மதிப்பீட்டுக்கு ஒருமைப்பாட்டை அளிக்கிறது. அவ்வொருமைப்பாட்டின் விலை, அளக்க வேண்டியதை விட்டு அளக்க எளியதை அளப்பதாகும்.

மற்றொரு காரணம் பொறுப்பு சார்ந்தது. உதவித் தேர்வாளர் இட்ட மதிப்பெண்ணைக் கூர்ந்தாய்வு அலுவலரும் முதன்மைத் தேர்வாளரும் பார்க்கின்றனர். திறவுச்சொல்லுக்கு அளித்த மதிப்பெண்ணுக்கு விடைக்குறிப்பே சான்று. ‘போன மாதிரியே போகப் பார்க்கும்’ என்பதற்கு அளித்த மதிப்பெண்ணுக்கோ தேர்வாளர் தாமே வாதாட வேண்டும். அடுத்த விடைத்தாள் காத்திருக்கும்போது எவரும் எளிய வழியையே நாடுவர்.

வகுப்பறையும் இதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. வழிகாட்டி நூல்கள் திறவுச்சொற்களைத் தடித்த எழுத்தில் அச்சிடுகின்றன. மாணவர்கள் அவற்றை அடிக்கோடிட்டு எழுதப் பழக்கப்படுகின்றனர். அடிக்கோடு, தேர்வாளரின் கண்ணுக்குப் போடப்படும் பாதை. அப்பாதைக்கு வெளியே உள்ள சொற்களைப் படிக்க வேண்டிய தேவை அவருக்கும் குறைகிறது.

நெகிழ்வின் இருவகை

இதற்கு மறுதலையாக, பேச்சு வழக்கு எதுவாயினும் ஏற்கலாம் என்று கூறுவதும் சரியாகாது. தளர்ந்த சொல் சில இடங்களில் உண்மையாகவே கருத்தைச் சிதைக்கிறது. எங்கே சிதைக்கிறது, எங்கே சிதைப்பதில்லை என்பதைப் பிரித்தறிய நம் இலக்கண மரபிலேயே ஒரு கருவி உண்டு. திரிசொல்லை விளக்கும் இலக்கண நூலார், ஒரு பொருளுக்குப் பல சொற்கள் வருவதையும் பல பொருளுக்கு ஒரு சொல் வருவதையும் வேறுபடுத்தினர். இப்பாகுபாட்டைக் குறுவிடைக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

பாடநூலின் சொல்லுக்குப் பதிலாக வேறொரு சொல்லோ தொடரோ அதே பொருளைச் சுட்டினால், அது முதல்வகை நெகிழ்வு. கலைச்சொல் இங்கு பெயர்ப்பலகை மட்டுமே. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதற்குச் சிறந்த சான்று. நாம் நிலைமம் என்பது அங்கு சடத்துவம். நம் சவ்வூடு பரவல் அங்கு பிரசாரணம். நம் முடுக்கம் அங்கு ஆர்முடுகல். யாழ்ப்பாணத்து மாணவர் ‘சடத்துவம்’ என்று எழுதினால் அவருக்கு இயற்பியல் தெரியாது என்று எவரும் கூறார். கூடுதலாக வியக்கத்தக்கது ‘நிறை’ என்னும் சொல். தமிழ்நாட்டில் அது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவைக் குறிக்கும். அதன்மீது செயற்படும் ஈர்ப்பு விசை இங்கு எடை. இலங்கையில் முன்னையது திணிவு, பின்னையதே நிறை. எனவே “நிலவில் பொருளின் நிறை குறையும்” என்ற ஒரே வாக்கியம் சென்னையில் பிழை, கொழும்பில் சரி. இரண்டு பாடத்திட்டங்களும் மாறாமல் வற்புறுத்துவது சொல்லை அன்று; இரு பொருள்களுக்கிடையிலான வேறுபாட்டை.

அவ்வேறுபாட்டை அழிப்பது இரண்டாம்வகை நெகிழ்வு. ‘சூடு’ என்ற சொல் அத்தகையது. ஒரு குவளைக் கொதிநீரையும் ஒரு தொட்டி வெந்நீரையும் ஒப்பிட்டு, “எதில் சூடு அதிகம்?” என்றால் இரு விடைகளும் சரியாகலாம். வெப்பநிலை குவளையில் அதிகம். தொட்டி போதிய அளவு பெரியதாயின் வெப்ப ஆற்றல் தொட்டியில் அதிகம். ‘சூடு’ என்று எழுதிய மாணவர் எதை எண்ணினார் என்பதை அவ்விடையிலிருந்து அறிய வழியில்லை. அங்கு கலைச்சொல் பெயர்ப்பலகை அன்று. இரண்டு அறைகளைப் பிரிக்கும் சுவர். அதற்கு மதிப்பெண் குறைப்பது முறையே.

உலர்திராட்சை வினா

இப்பாகுபாடு நடைமுறையில் எவ்வாறு உதவும் என்பதைச் சற்றுக் கடினமான வினா ஒன்றில் காண்போம். “உலர்திராட்சையை நீரில் ஊறவைத்தால் உப்புவது ஏன்?” என்பது வினா. எதிர்பார்க்கப்படும் திறவுச்சொற்கள்: செறிவு, அரை கடத்து சவ்வு, சவ்வூடு பரவல்.

ஒருவர் எழுதுகிறார்: “தண்ணீர் அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குப் போகும். அதனால் திராட்சை உப்பும்.” இது இரண்டாம்வகை நெகிழ்வு. ‘அதிகம்’ என்பது அளவையா செறிவையா என்பது தெளிவில்லை. குடத்திலிருந்து குவளைக்கு ஊற்றப்படும் நீருக்கும் இவ்வாக்கியம் பொருந்தும். சவ்வின் பங்கும் இல்லை. மதிப்பெண் குறைவது நியாயம்.

மற்றொருவர்: “திராட்சைக்குள் சர்க்கரைப்பாகு கெட்டியாக இருக்கும். அதன் தோல் தண்ணீரை விடும், சர்க்கரையை வெளியே விடாது. அதனால் வெளியே உள்ள தண்ணீர் உள்ளே போய் உப்பிவிடும்.” இங்கு மூன்று திறவுச்சொற்களுள் ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘தண்ணீரை விடும், சர்க்கரையை விடாது’ என்பது அரை கடத்து சவ்வின் இலக்கணமே. ‘பாகு கெட்டியாக’ என்பது கரைபொருளின் செறிவு மிகுதி. நீர் செல்லும் திசையும் சரி. இது முதல்வகை.

மூன்றாமவர்: “செறிவு அதிகமான பகுதியிலிருந்து செறிவு குறைவான பகுதிக்கு அரை கடத்து சவ்வின் வழியே நீர் செல்வதே சவ்வூடு பரவல் ஆகும்.” மூன்று திறவுச்சொற்களும் உள்ளன. எனினும் எதன் செறிவு என்ற கேள்விக்கு இவ்விடையில் பதில் இல்லை. நீர் மூலக்கூறுகளின் செறிவு என்றால் வாக்கியம் சரி. ஆனால் கரைசலின் செறிவு என்று வழக்கமாகச் சொல்லும்போது கரைபொருளின் செறிவையே கருதுகிறோம். அப்பொருளில் திசை தலைகீழாகிவிடும். கலைச்சொல்லும் பல பொருளைச் சுட்டக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. பேச்சு வழக்குக்கு மட்டும் உரியதாக நாம் கருதும் தெளிவின்மை, மனப்பாடம் செய்யப்பட்ட வரையறையிலும் ஒளிந்திருக்கிறது. அதை எவரும் சோதிப்பதில்லை என்பதே வேறுபாடு.

சோதிக்க ஒரு துணைவினா போதும்: புதிய திராட்சையைச் செறிவான உப்புக் கரைசலில் இட்டால் என்ன ஆகும்? ‘பாகு கெட்டி’ என்று எழுதியவர், இப்போது வெளிப்புறம் கெட்டியாக இருப்பதால் நீர் வெளியேறித் திராட்சை சுருங்கும் என்று தம் சொற்களிலிருந்தே வருவித்துக்கொள்வார். வரையறையை எழுதியவர் தம் வாக்கியத்தை அப்படியே பின்பற்றினால், செறிவு மிகுந்த உப்புக் கரைசலிலிருந்து நீர் திராட்சைக்குள் செல்லும், அது உப்பும் என்ற பிழையான முடிவை அடையக்கூடும்.

தேர்வறையில் துணைவினா கேட்க இயலாது. ஆனால் திருத்துபவர் தம்முள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள முடியும்: இவ்வாக்கியம் வினவப்பட்ட நிகழ்வுக்கு மட்டும் பொருந்துகிறதா, அல்லது வேறொரு நிகழ்வுக்கும், நேர்மாறான நிகழ்வுக்கும்கூடப் பொருந்துமா? பொருந்துமாயின் சொல் தேவை. பொருந்தாதாயின் சொல் இல்லாமலே கருத்து நிறுவப்பட்டுவிட்டது. பேருந்து வினாவின் இரண்டாம் விடை வேறெதற்கும் பொருந்தாது. எனவே அது முழு மதிப்பெண்ணுக்கு உரியது. இச்சோதனை ‘பெயர் தருக’, ‘வரையறு’ போன்ற வினாக்களுக்குச் செல்லாது. அங்கு சொல்லே வினவப்படுகிறது. சொல் இல்லையென்றால் விடை இல்லை. சிக்கல், ‘ஏன்’ என்று கேட்டுவிட்டுப் ‘பெயர் தருக’ என்பதற்குரிய விடைக்குறிப்பைக் கொண்டு திருத்துவதில்தான் உள்ளது.

விடைக்குறிப்பை எழுதும் முறை

இந்த வேறுபாட்டை ஒவ்வொரு தேர்வாளரின் மனத்திலும் விட்டுவைப்பதைவிட விடைக்குறிப்பிலேயே பதிவு செய்வது நலம். இங்கிலாந்தின் ‘ஏ.க்யூ.ஏ.’ தேர்வு வாரியம் வெளியிடும் அறிவியல் விடைக்குறிப்புகளில் இதற்கென ஒரு குறியீட்டு முறை உண்டு. அடிக்கோடிட்ட சொல் விடையில் கட்டாயம் இருக்கவேண்டும். அடைப்புக்குறிக்குள் இருப்பது தெளிவுக்காக மட்டும். மாணவர் எழுதத் தேவையில்லை. சாய்கோட்டால் பிரிக்கப்பட்ட சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்று. இவற்றோடு ‘ஏற்கலாம்’, ‘பொருட்படுத்த வேண்டா’, ‘ஏற்கக் கூடாது’ என்னும் பொருள்படும் மூன்று அறிவுறுத்தல்கள் தனித்தனியே தரப்படுகின்றன. இவற்றுள் கடைசியிரண்டும் வெவ்வேறானவை. பொருட்படுத்த வேண்டாத தொடர் மதிப்பெண்ணைத் தருவதுமில்லை, கெடுப்பதுமில்லை. ஏற்கக் கூடாத தொடர் இருந்தால், சரியான விடை அருகிலேயே இருப்பினும் அம்மதிப்பெண் கிட்டாது. பேருந்து வினாவின் மூன்றாம் மாணவரை நிறுத்தும் இடம் இதுவே.

அம்முறையைப் பின்பற்றிப் பேருந்து வினாவுக்குரிய விடைக்குறிப்பை இவ்வாறு எழுதலாம். முதல் மதிப்பெண்: உடல் / மேலுடல் தன் இயக்கத்தைத் தொடர்கிறது (இயக்கத்தில் நிலைமம்). ஏற்கலாம்: ‘போய்க்கொண்டே இருக்கும்’, ‘அதே வேகத்தில் போகப் பார்க்கும்’. இரண்டாம் மதிப்பெண்: பேருந்து / கால் நிற்கிறது, மேலுடலை நிறுத்தும் விசை இல்லை. பொருட்படுத்த வேண்டா: ‘திடீரென நிற்பதால்’ என்று மட்டும் கூறுவது, ஏனெனில் அது வினாவிலேயே உள்ளது. ஏற்கக் கூடாது: நிலைமம் ஒரு விசை, நிலைமம் தள்ளுகிறது. இக்குறிப்பின்படி முதல் மாணவர் ஒன்று, இரண்டாமவர் இரண்டு, மூன்றாமவர் சுழியம். ‘நிலைமம்’ அடைப்புக்குறிக்குள் சென்றுவிட்டதைக் கவனிக்க வேண்டும். ‘இந்நிகழ்வில் வெளிப்படும் பண்பின் பெயர் யாது?’ என்று அதை வேண்டுமானால் ஒரு மதிப்பெண் வினாவாகத் தனியே கேட்டுவிடலாம். சொல்லறிவும் ஒரு அறிவே.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் விடைக்குறிப்புகளோடு தரும் பொது அறிவுறுத்தலில், குறிப்பிலிருந்து மாறுபட்டிருந்தாலும் சரியாக உள்ள விடைக்கு உரிய மதிப்பெண் வழங்கலாம் என்று கூறுகிறது. நல்ல அறிவுறுத்தல்தான். ஆனால் பொதுவாகச் சொல்லப்பட்ட சலுகையைப் பயன்படுத்தும் பொறுப்பு மீண்டும் தனித் தேர்வாளரின் தோளில் விழுகிறது. வினாவுக்கு வினா எழுதப்பட்ட ‘ஏற்கலாம்’ பட்டியல் அவரைக் காக்கும். பொது அறிவுறுத்தல் அந்த அளவுக்குக் காக்காது.

அப்பட்டியலை ஓர் அறையில் அமர்ந்து முன்கூட்டியே முழுமையாக எழுதிவிட முடியாது என்பதே இதன் நடைமுறைத் தடை. மாணவர்கள் நிலைமத்தை எந்தெந்தச் சொல்லால் சொல்வார்கள் என்பது விடைத்தாள்களைப் பார்த்த பின்னரே தெரியும். கோவை வழக்கும் நெல்லை வழக்கும் ஒன்றல்ல. ஆங்கிலவழியிலிருந்து மாறி வந்தவர் ‘பிரேக்’ என்றும் மற்றவர் ‘தடை’ என்றும் எழுதுவர். எனவே முதல்நாள் திருத்தத்திற்கு முன், வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து எடுத்த சில விடைத்தாள்களை முதன்மைத் தேர்வாளர்கள் ஒன்றாக அமர்ந்து படித்து, அங்கு காணும் தொடர்களை ‘ஏற்கலாம்’, ‘ஏற்கக் கூடாது’ என்று பிரித்து, அதன் பிறகே விடைக்குறிப்பை இறுதி செய்ய வேண்டியிருக்கும். இதற்கு ஒன்றிரண்டு நாள்கள் கூடுதலாகத் தேவைப்படும். முடிவு வெளியாகும் நாள் முன்னரே அறிவிக்கப்பட்டுவிடும் சூழலில், அந்நாள்களை எங்கிருந்து எடுப்பது என்பது கல்வியியலார் மட்டும் தீர்க்கக்கூடிய வினா அன்று.